ஓய்வுபெறும் ஆசிரியருக்குப் பழைய மாணவர் எழுதும் கேப்ஷன்: ஒரே ஒரு பாடத்தை வைத்து எழுதுவது எப்படி?

பணி நிறைவு விழாப் படத்துக்குக் கீழே எழுத உட்காரும் பலர் முதலில் வாழ்த்தைத் தட்டிவிடுகிறார்கள். அதற்குப் பொருத்தமான நினைவைப் பிறகுதான் தேடுகிறார்கள். அதனால் வாழ்த்து நீண்டு, நினைவு அரை வரியில் நின்றுவிடுகிறது. படத்தை அழித்துவிட்டு அதே வரிகளை வேறொரு ஆசிரியரின் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். இங்கே சொல்லும் முறையில் பாடம் முதலில் வரும், வாழ்த்து கடைசியில் இரண்டு சொல்லாக வரும்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெறுபவர் அரசு உயர்நிலைப் பள்ளிக் கணக்கு டீச்சர். எழுதுபவர் 2004-05இல் அவரிடம் எட்டாம் வகுப்பு படித்தவர், இப்போது மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். அவர் மனதில் நின்ற பாடம், 2⁰ ஏன் 1 என்பது.

## 1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டீச்சரின் பெயரும் தலைப்பெழுத்தும் சரியாகத் தெரிய வேண்டும். நீங்கள் படித்தபோது அப்பா பெயரின் தலைப்பெழுத்தைப் போட்டவர், திருமணத்துக்குப் பிறகு மாற்றியிருக்கலாம். தமிழ்த் தலைப்பெழுத்தை விரும்புகிறாரா, 'எஸ்.' என்று எழுதுகிறாரா என்பதையும் பாருங்கள். விழா அழைப்பிதழில் அச்சாகியிருப்பதையே பின்பற்றுவது பாதுகாப்பானது. ஆனால் அழைப்பிதழைப் படம் பிடித்து அப்படியே பொதுவில் போடாதீர்கள். அதில் வீட்டு முகவரியும் அலைபேசி எண்ணும் இருக்கும்.

அடுத்தது தேதி. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயது 2021இல் 60 ஆனது. ஆனால் கல்வியாண்டின் நடுவில் 60 நிறையும் ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்த ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் பாடம் நடத்துவார்கள். ஆகவே வயது நிறைந்த நாள், கடைசி வேலைநாள், பாராட்டு விழா நாள் மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். எது எதுவென்று தெரியாவிட்டால் 'இன்று ஓய்வு பெறுகிறார்' என்று எழுதாதீர்கள். தேதி இல்லாமலேயே கேப்ஷன் முழுமையாக நிற்கும்.

மூன்றாவது, பள்ளியின் பெயர். விழா நடக்கும் பள்ளி நீங்கள் படித்த பள்ளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடமாறுதலில் அவர் மூன்று நான்கு ஊர் போயிருப்பார். உங்கள் நடுநிலைப் பள்ளி இப்போது உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்திருக்கலாம். பள்ளியின் பெயரை எழுதுவதானால் நீங்கள் படித்த காலத்துப் பெயரையே எழுதுங்கள். உடன் படித்தவர்கள் அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள்.

## 2. பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

சறுக்கல் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். 'ஒழுக்கத்தைக் கற்றுத் தந்தீர்கள், தன்னம்பிக்கையை ஊட்டினீர்கள்' என்பதைப் பாடம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பாடம் அல்ல, பல ஆண்டுகள் கழித்து நாம் எழுதிக்கொண்ட சுருக்கம். கேப்ஷனுக்கு வேண்டியது ஒரு மணி அடித்துத் தொடங்கி அடுத்த மணிக்குள் முடிந்த ஒரு வகுப்பு.

மனதில் வரும் நினைவு தேறுமா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். அன்று கரும்பலகையில் என்ன இருந்தது? விடை தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை இல்லாத வகுப்பானால் ஆசிரியரின் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். விடை வராவிட்டால் அந்த நினைவு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இதற்கு உதவாது.

எங்கள் மாதிரியில் கணக்கர் மனதில் முதலில் வந்தவை மூன்று. டீச்சர் எப்போதும் நேரத்துக்கு வருவார் என்பது ஒன்று. அது ஒரு பழக்கம், ஒரு வகுப்பு அல்ல. காய்ச்சலில் கிடந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தார் என்பது இன்னொன்று. நெகிழ்வானதுதான், ஆனால் அதில் பாடம் இல்லை. மூன்றாவது, 8, 4, 2 என்று டீச்சர் பலகையில் இறங்குவரிசையில் எழுதியது. பலகையில் இருந்தது கண்முன் நிற்பதால் இதையே எடுக்கிறோம்.

பிரம்படி நினைவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'அன்று வாங்கிய அடிதான் இன்று என்னை நிறுத்தியிருக்கிறது' என்று பாசத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு குழந்தைகளை உடலால் தண்டிப்பதைத் தடை செய்கிறது. ஓய்வுபெறும் நாளில் ஓர் ஆசிரியரைப் பற்றிப் பொதுவில் பதிய வேண்டிய செய்தி அதுவல்ல. பட்டப்பெயரும் அப்படித்தான். வகுப்புக்குள் செல்லமாக இருந்தது, பேரப்பிள்ளைகள் படிக்கும் இடத்தில் செல்லமாக இருக்காது.

## 3. நினைவைத் தாளில் இறக்குதல்

கேப்ஷனைத் தொடங்கும் முன் ஒரு தாளில் நான்கு குறிப்புகளை எழுதுங்கள். வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் செய்தது என்ன, சொன்னது என்ன, வகுப்பு எங்கே தவறியது, அந்தத் தவறை அவர் எப்படிக் கையாண்டார். நான்கில் மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். மாணவர்கள் தவறிய இடம் தெரிந்தால்தான் ஆசிரியர் செய்ததன் அருமை வாசிப்பவருக்குப் புரியும்.

கணக்கரின் தாள் இப்படி இருக்கும்: இடப்பக்கம் 2³, 2², 2¹, 2⁰ என்று ஒன்றன்கீழ் ஒன்று. வலப்பக்கம் 8, 4, 2, அதற்கடுத்த இடம் காலி. 'அடுத்து என்ன?' என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் பூஜ்ஜியம் என்றோம். 'தப்பு' என்று சொல்லவில்லை. வலப்பக்க எண்களை விரலால் தொட்டுக்கொண்டே, பாதி பாதியாக இறங்குவதைக் காட்டினார். இரண்டில் பாதி ஒன்று என்பதை நாங்களே சொன்னோம். விதியைப் பிறகுதான் எழுதினார்.

வகுப்பு ஏன் பூஜ்ஜியம் என்றது? 'இரண்டைப் பூஜ்ஜியம் தடவை போட்டால் ஒன்றும் இல்லை' என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். 2³ என்றால் மூன்று இரண்டுகளைப் பெருக்குவது என்று சொல்லிக் கொடுத்த உடனே இந்தக் குழப்பம் வரும். விதியை முதலில் எழுதிவிட்டால் குழப்பம் மறைந்துவிடும், ஆனால் தீராது. இந்த டீச்சர் குழப்பம் வெளியே வரும்வரை விதியை எழுதாமல் வைத்திருந்தார். கேப்ஷனின் உயிர் அந்த வரிசையில் இருக்கிறது. எழுதும்போதும் அது மாறக்கூடாது.

உண்மையில் அந்தப் பலகை அதோடு முடியாது. இன்னும் ஒரு படி இறங்கினால் 2⁻¹, அதன் மதிப்பு அரை. பாடமாக அழகான இடம்தான். கேப்ஷனில் வேண்டாம். இரண்டாவது ஆச்சரியம் வந்தால் முதலாவது மங்கிவிடும்.

## 4. யாரிடம் பேசுகிறோம் என்பதை முடிவுசெய்தல்

ஆசிரியரிடம் நேரே பேசுவதா, அவரைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வதா? முதல் சொல்லை எழுதும் முன்பே இதை முடிவுசெய்துகொள்ளுங்கள். 'எங்கள் டீச்சர் பாடம் நடத்தும்போது' என்று தொடங்கி, நடுவில் 'நீங்கள் எழுதிய பலகை' என்று திரும்பி, கடைசியில் 'அவர் நீடூழி வாழ' என்று முடிப்பது அடிக்கடி நடக்கிறது.

பொதுவில் போடுவதானால் 'டீச்சர் எழுதினார்' என்று படர்க்கையில் எழுதுவதே நல்லது. தெரியாதவர்களும் வகுப்புக்குள் வந்து உட்காரலாம். கடைசி வரியில் மட்டும் அவர் பக்கம் திரும்பி வணக்கம் சொல்லலாம். ஒருமுறை திரும்பினால் அது மரியாதை, இரண்டுமுறை திரும்பினால் குழப்பம்.

மரியாதை விகுதியையும் ஒரே சீராக வையுங்கள். அழைப்பிதழ்த் தமிழில் 'அவர்கள்' என்று போட்டால் வினையும் 'எழுதினார்கள்' என்று வர வேண்டும். கேப்ஷனுக்கு அது விறைப்பு. வகுப்பில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே, டீச்சர், சார், மிஸ், ஐயா, எதுவானாலும் எழுதுங்கள். 'டீச்சர்' என்றே கூப்பிட்டவரைத் திடீரென 'ஆசிரியப் பெருந்தகை' ஆக்கினால் அவருக்கே யாரோ போலத் தோன்றும்.

## 5. முதல் வரைவு: செயலில் தொடங்குதல்

தாளில் இருப்பதில் மிகத் தெளிவான ஒரு செயலை முதல் வரியாக வையுங்கள். பெரும்பாலான தளங்களில் முதல் ஒன்றிரண்டு வரிகள்தான் கண்ணில் படும். மீதி 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். அந்த இடத்தை 'என் வாழ்வின் வழிகாட்டியாகத் திகழ்ந்த' என்பது பிடித்துக்கொண்டால், பாடம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

கணக்கரின் முதல் வரைவு:

> எட்டாம் வகுப்பில் ஒருநாள் எங்கள் கணக்கு டீச்சர் கரும்பலகையில் 8, 4, 2 என்று எழுதி அடுத்து என்ன என்று கேட்டார். நாங்கள் அனைவரும் பூஜ்ஜியம் என்று கூறினோம். அதற்கு அவர், எட்டு பாதியாகி நான்கு ஆகிறது, நான்கு பாதியாகி இரண்டு ஆகிறது, அப்படியிருக்க இரண்டு எவ்வாறு பூஜ்ஜியமாகும் என வினவினார். வாழ்க்கையும் இப்படித்தான், படிப்படியாக இறங்கிப் பார்த்தால் எதுவும் புரியும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அறியாமை இருள் நீக்கிய மெழுகுவர்த்தியே, உங்கள் ஓய்வுக்காலம் சிறக்க வாழ்த்துகள்.

இதில் சரக்கு இருக்கிறது, சேதமும் இருக்கிறது. 'வினவினார்' என்று எந்த டீச்சரும் வகுப்பில் வினவியதில்லை. அவர் பேசியது பேச்சுத் தமிழில். அந்தச் சொற்கள் நினைவிருந்தால் மேற்கோளுக்குள் அப்படியே போடுங்கள். சரியாக நினைவில்லாவிட்டால் மேற்கோள்குறி போடாமல், பொருளை மட்டும் உங்கள் நடையில் சொல்லுங்கள். அவர் வாயில் இல்லாத சொல்லை வைத்தால் அவரே கண்டுபிடித்துவிடுவார்.

'வாழ்க்கையும் இப்படித்தான்' என்ற வரிதான் பெரிய சேதம். அடுக்குக்குறிப் பாடம் அடுக்குக்குறிப் பாடமாகவே இருக்கட்டும். அதை வாழ்க்கைத் தத்துவமாக மாற்றினால், நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் தவறிய அந்த நிமிடம் காணாமல் போகும். மெழுகுவர்த்தி, ஏணி, தோணி மூன்றும் ஏற்கெனவே எல்லாப் பணி நிறைவு மேடைகளிலும் ஏறி இறங்கிவிட்டன.

## 6. இன்றைய வரியைச் சேர்த்தல்

பாடம் மனதில் நின்றது என்று சொன்னால் போதாது. எங்கே நின்றது என்று காட்ட ஒரு வரி வேண்டும், ஒன்றே ஒன்று. உங்கள் பதவியையும் ஊரையும் சம்பளத்தையும் கொண்டுவரும் வாசலாக அது ஆகிவிடக்கூடாது. 'இன்று நான் ஒரு முன்னணி நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன் என்றால்' என்று தொடங்கினால் கேப்ஷன் உங்களைப் பற்றியதாகிவிடும்.

பாடத்தில் கற்ற அதே அசைவு உங்கள் வேலையில் எங்கே வருகிறது என்று பாருங்கள். கணக்கருக்கு விடை எளிது. பேரேடு டேலி ஆகாதபோது புதியவர்கள் கடைசித் தொகையையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். இவர் மேல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குவார். டீச்சரின் விரல் பலகையில் செய்ததும் அதுவே. ஒப்புமையை விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் போதும்.

இப்படி நேரான பொருத்தம் கிடைக்காவிட்டால் இந்த வரியை விட்டுவிடுங்கள். வலிந்து செய்த பொருத்தத்தைவிட, 'இன்றும் மறக்கவில்லை' என்ற நேர்மையான இரண்டு சொல்லே மேல்.

## 7. வெட்டுதல்

வரைவில் ஒவ்வொரு வாக்கியத்தையும் மறைத்துப் பாருங்கள். அது இல்லாமலும் பாடம் புரிந்தால் வெட்டுங்கள். 'ஒருநாள்', 'எங்கள்', 'நாங்கள் அனைவரும்' போன்றவை முதலில் போகும். வகுப்பும் ஆண்டும் கடைசியில் கையொப்பத்துக்கு இறங்கும். வாழ்த்து இரண்டு சொல்லாகும்.

> 8, 4, 2 என்று டீச்சர் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். 'அடுத்து?'
> பூஜ்ஜியம் என்று கத்தினோம்.
> 'எட்டு பாதியாகி நாலு. நாலு பாதியாகி ரெண்டு. ரெண்டுல பாதி பூஜ்ஜியமா?'
> இரண்டின் அடுக்கு பூஜ்ஜியம் ஒன்று என்ற விதி அதற்குப் பிறகுதான் பலகைக்கு வந்தது.
> இப்போதும் பேரேடு டேலி ஆகாவிட்டால், கடைசித் தொகையை விட்டுவிட்டு மேல் வரியிலிருந்து இறங்குகிறேன்.
> வணக்கம் டீச்சர்.
> — 2004-05, எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு

ஏறக்குறைய 50 சொற்கள். டீச்சர் எதையும் எளிமையாக விளக்குவார் என்று எங்கும் எழுதவில்லை, படித்தவருக்கு அது தெரிந்துவிடுகிறது. பொதுவில் போடும்போது அவர் பெயரைக் கடைசிக்கு முந்தைய வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ரொம்பவும் வெட்டிவிடுவதும் உண்டு. 'பூஜ்ஜியம் என்று கத்தினோம்' என்பதை நீக்கினால் ஒரு வரி மிச்சம், ஆனால் டீச்சரின் கேள்விக்குக் காரணம் இல்லாமல் போய்விடும்.

## 8. தட்டச்சும் நீளமும்

கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு எழுதும்போது மேற்குறி எண்களைக் கவனியுங்கள். வேர்டில் 2⁰ என்று வடிவமைத்து நகலெடுத்தால், ஒட்டும் இடத்தில் வடிவம் உதிர்ந்து 20 ஆகிவிடும். கணக்கு டீச்சரின் படத்துக்குக் கீழே '20 = 1' என்று நிற்பதைவிட மோசமான பரிசு இல்லை. மேலே மாதிரியில் 'இரண்டின் அடுக்கு பூஜ்ஜியம்' என்று எழுத்தில் எழுதியது இதற்காகத்தான். குறியீடாகவே வேண்டுமானால் வடிவமைப்பால் உயர்த்திய 0 ஆகாது, ⁰ என்ற தனி யூனிகோடு எழுத்தே வேண்டும்.

நீள வரம்பும் தமிழில் சீக்கிரம் தீரும். மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் மென்பொருள் தனித்தனியாக எண்ணுகிறது. 'டீச்சர்' கண்ணுக்கு 4 எழுத்து, கணக்கில் 7. இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 வரை இடம் இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. எக்ஸ் தளத்தின் 280இல் மேலே உள்ள மாதிரி அடங்காது. அங்கே வகுப்பறைப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பேரேட்டு வரியை விடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.

## 9. படத்தின் மேலேயே எழுத வேண்டுமானால்

ஃபிளெக்ஸ் போர்டுக்கும் நினைவுப் பரிசுக்கும் இதே வரிகளைக் கேட்பார்கள். டி.டி.பி. கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. உங்கள் யூனிகோடு வரியை அவற்றில் ஒட்டினால் அப்படியே வராது, எழுத்துரு மாற்றி வழியாகப் போக வேண்டும் அல்லது மறுபடி தட்டச்சாக வேண்டும். இரண்டிலும் பிழை நுழையும். ஃபோட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான உரை அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி, 'கே' என்பதில் கொம்பு பின்னால் போய் நிற்கும்.

அச்சுக்குப் போகும் முன் படத்தைக் கேட்டு வாங்கி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பரிசுப் பலகையில் இடம் குறைவு, அதனால் 'ரெண்டுல பாதி பூஜ்ஜியமா?' என்ற ஒரு வரியும் வகுப்பு, ஆண்டும் போதும். மற்றவர்களுக்குப் புரியாமல் போனால் டீச்சரிடம் கேட்டுக்கொள்வார்கள், அவரும் சந்தோஷமாகச் சொல்வார்.

## 10. சரிபார்த்துப் பதிவிடுதல்

அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு முதலில் அனுப்புங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். 'இப்படித்தான் நடந்துச்சா?' என்று கேளுங்கள். அது எட்டாம் வகுப்பு இல்லை, ஒன்பதாம் வகுப்பு என்று அவர் சொல்லலாம். இருவர் நினைவும் மோதினால் வகுப்பையும் ஆண்டையும் எடுத்துவிட்டு, இருவரும் ஒப்புக்கொள்ளும் பலகைக் காட்சியை மட்டும் வையுங்கள்.

படத்தில் இப்போது படிக்கும் பிள்ளைகளின் முகம் தெரிந்தால் வேறு படம் எடுங்கள், அல்லது டீச்சர் மட்டும் தெரியும்படி வெட்டுங்கள்.

விழா நாள் மாலையில் எல்லாக் குழுக்களிலும் மாலையும் சால்வையுமாகப் படங்கள் குவியும். முந்தின நாளோ அடுத்த நாள் காலையிலோ போட்டால் நிதானமாகப் படிப்பார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். விழா அலைச்சலில் டீச்சர் அதைப் பார்க்காமலேயே போகலாம். அதனால் அதே வரிகளைத் தனிச் செய்தியாக, படத்தோடு, அவருக்கும் அனுப்புங்கள். செய்தியின் முதல் வரியில் உங்கள் பெயரையும் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆண்டுதோறும் புதுப் புது வகுப்புகளைப் பார்த்தவருக்கு முகப்புப் படத்தில் இருக்கும் மீசைக்காரர் யார் என்று தெரியாது.